கூரையில் ஏற்றும் 75 கிலோ தனிக் கணக்கா, மொத்தக் கணக்கிலேயே வருமா?

மேல்சுமை — ஏப்ரல் 4, இரவு 9.40

ஏழு இருக்கைக் கார். போகப்போவதும் ஏழு பேர். சாமான்களுக்கு இடம் போதாது என்று கூரைமேல் வைக்கும் மூடிய பெட்டி ஒன்றை வாங்கிவிட்டேன். வாங்கிய பிறகுதான் புத்தகத்தைப் புரட்டினேன். நம் வழக்கம் அதுதானே.

கையேட்டில் காரின் வெற்று எடை 1,480 கிலோ. ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் இருக்கும் தகட்டில் அதிகபட்ச மொத்த எடை 2,010. கழித்தால் 530. கையேட்டின் வேறொரு மூலையில், கூரைமேல் 75 கிலோ வரை ஏற்றலாம் என்று இருக்கிறது. அப்படியானால் 530உம் 75உம் சேர்த்து 605 கிலோ ஏற்றலாமா? ஏற்றலாம் என்கிறார் மைத்துனர். கூரைச் சுமை கூரைக்கு, உள்சுமை உள்ளுக்கு என்பது அவர் வாதம். எனக்கும் அது பிடித்திருக்கிறது, ஆனால் வசதியாக இருப்பதாலேயே பிடித்திருக்கிறதோ என்று சந்தேகம்.

பழைய பட்டறை — ஏப்ரல் 4, இரவு 10.25

இல்லை. டயருக்குக் கூரை எது, டிக்கி எது என்று தெரியாது. கூரைமேல் வைத்த ஒவ்வொரு கிலோவும் அந்த 530க்குள்தான் வரும். கூரையின் தகடும் தூண்களும் ஓடும் வண்டியில் எவ்வளவு தாங்கும் என்பதைத்தான் 75 சொல்கிறது. அது கூடுதல் அனுமதி அல்ல, கூடுதல் கட்டுப்பாடு.

இன்னொன்று. அந்த 75இல் உங்கள் பெட்டியின் எடையும், அதைத் தாங்கும் குறுக்குச் சட்டங்களின் எடையும் அடக்கம். பெட்டிக்கும் சட்டத்துக்கும் தனித்தனி வரம்பு அச்சிட்டிருப்பார்கள். மூன்றில் எது சிறியதோ அதுதான் உங்களுக்கு.

மேல்சுமை — ஏப்ரல் 5, காலை 7.15

மைத்துனரிடம் காட்டினேன். "பட்டறைக்காரர்கள் இப்படித்தான் பயமுறுத்துவார்கள்" என்கிறார்.

பெட்டி 19 கிலோ, சட்டங்கள் இரண்டும் சேர்ந்து 6. ஆக 25 போய்விட்டது. பெட்டிக்குள் 50 கிலோதான் வைக்கலாம். நான் 75 வைக்கலாம் என்றிருந்தேன்.

மேல்சுமை — ஏப்ரல் 5, இரவு 8.50

இன்று வீட்டில் எல்லாரையும் எடைபார்க்கும் படலம். நான் 82. மனைவி 68. மைத்துனர் 74. பிள்ளைகள் 45, 38, 29. அத்தை பொறிமேல் ஏற மறுத்துவிட்டார். போன மாதம் மருத்துவரிடம் போன சீட்டை மனைவி தேடி எடுத்துக் கொடுத்தாள், 61. ஆக 397.

பெட்டிகளைக் குளியலறைத் தராசில் நேராக வைத்தால் எண் தெரியாமல் மறைத்துக்கொள்கின்றன. நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறி நின்று, என் எடையைக் கழித்தேன். டிக்கியில் வைக்கப்போவது 60. கூரைப் பெட்டிக்குள் போவது 48, அதோடு பெட்டியும் சட்டமும் 25.

397, 60, 73. கூட்டினால் 530. ஒரு கிலோ கூடவும் இல்லை, குறையவும் இல்லை. இப்படி ஒரு பொருத்தம் எங்கள் திருமணத்தின்போதுகூட வரவில்லை. இழையை மூடிவிடலாம்.

நாலுசக்கரம் — ஏப்ரல் 5, இரவு 9.30

மூடாதீர்கள். வெற்று எடையில் 75 கிலோ ஓட்டுநர் ஏற்கெனவே சேர்ந்திருப்பார். நீங்கள் உங்களை இரண்டு முறை எண்ணிவிட்டீர்கள். இன்னும் 75 கிலோ மிச்சம் இருக்கிறது, தாராளமாக ஏற்றுங்கள்.

பழைய பட்டறை — ஏப்ரல் 5, இரவு 11.05

நாலுசக்கரம் சொல்வது பாதி சரி. ஐரோப்பிய ஆவணங்களில், ஓடத் தயாரான நிலையில் உள்ள எடை என்று போட்டால் அதில் 75 கிலோ ஓட்டுநரும் தொட்டியில் 90 விழுக்காடு எரிபொருளும் உண்டு. வேறு பல கையேடுகளில் வெற்று எடை என்றால் ஆளே இல்லை. ஒரே சொல், இரண்டு கணக்கு. அட்டவணைக்குக் கீழே பொடி எழுத்தில் இருப்பதைப் படியுங்கள், தெரிந்துவிடும்.

ஆனால் எனக்கு அதைவிடப் பெரிய ஐயம், அந்த 1,480 உங்கள் காரின் எடைதானா என்பது.

மேல்சுமை — ஏப்ரல் 6, காலை 6.50

பொடி எழுத்து: "முழுத் தொட்டி எரிபொருளுடன், பயணிகளும் சுமையும் இன்றி." ஓட்டுநர் இல்லை. நாலுசக்கரத்தின் 75 கிலோ காற்றில் கரைந்தது.

என் காரின் எடைதானா என்றால் என்ன பொருள்? என் காரின் புத்தகத்தில் வேறு யார் காரின் எடை இருக்கும்?

பழைய பட்டறை — ஏப்ரல் 6, மதியம் 1.20

அதே பெயரில் விற்கும் மிக எளிய வகையின் எடை இருக்கும். கண்ணாடிக் கூரை, பெரிய சக்கரம், மின்சார இருக்கை எல்லாம் எடை கூட்டும். தகட்டில் இருக்கும் மொத்த எடை அதற்காக உயராது. அதனால் வசதி கூடக்கூட ஏற்றும் திறன் குறையும். உயர்ந்த வகை வாங்கியவர்தான் குறைவாக ஏற்ற வேண்டும்.

எடை மேடைக்குப் போங்கள். தொட்டியை நிரப்பி, நீங்கள் மட்டும் உட்கார்ந்து, முதலில் முன்சக்கரங்கள் மட்டும், பிறகு முழு வண்டி, பிறகு பின்சக்கரங்கள் மட்டும். எஞ்சினை அணைத்து, கியரையும் கைப்பிரேக்கையும் விடுவித்து நில்லுங்கள். மேடையும் அதற்கு முன்னும் பின்னும் உள்ள தரையும் ஒரே மட்டமாக இருக்கவேண்டும். சரிவு இருந்தால் அச்சு எடை பொய் சொல்லும்.

கூடாரம் — ஏப்ரல் 6, மாலை 5.40

கூரைமேல் விரியும் கூடாரம் வைத்திருக்கிறேன், 58 கிலோ. கார் வரம்பு 75. இரவில் நானும் மனைவியும் ஏறிப் படுத்தால் 200ஐத் தாண்டுகிறோம். இரண்டு வருடமாகக் கூரை நசுங்கவில்லை. ஆகவே இந்த 75 எல்லாம் சும்மா.

பழைய பட்டறை — ஏப்ரல் 6, இரவு 9.10

சும்மா அல்ல. அது ஓடும்போது உள்ள வரம்பு. பிரேக் பிடிக்கையிலும் வளைவிலும் பள்ளத்திலும் அந்தச் சுமை கூரையை இழுக்கிறது, பிடுங்குகிறது. அதையெல்லாம் கணக்கிட்டு வைத்த எண். நின்ற வண்டிக்கு வரம்பு பல மடங்கு கூட இருக்கலாம். சில நிறுவனங்கள் அதையும் தனியாக அச்சிடுகின்றன, சில அச்சிடுவதே இல்லை. உங்களுடையதில் இருக்கிறதா என்று பாருங்கள். குறுக்குச் சட்டத்துக்கும் நின்றநிலை வரம்பு தனியாக உண்டு.

கூடாரம் — ஏப்ரல் 6, இரவு 9.25

காருக்கு இல்லை. சட்டத்துக்கும் இல்லை. இன்றிரவு கீழே படுக்கிறேன்.

மேல்சுமை — ஏப்ரல் 8, இரவு 8.15

போய்வந்தேன். மணல் லாரிக்கும் செங்கல் லாரிக்கும் நடுவில் என் கார். மேடைக்காரர் "எதை எடைபோட?" என்றார். "காரைத்தான்" என்றேன். என்னை ஒருமுறை மேலும் கீழும் பார்த்துவிட்டு எழுதிக்கொடுத்தார்.

முழு வண்டி, நானும் முழுத் தொட்டியும் சேர்த்து: 1,620. என் 82ஐக் கழித்தால் 1,538. புத்தகத்தில் 1,480. ஐம்பத்தெட்டு கிலோ எனக்குத் தெரியாமல் வண்டியில் குடியிருக்கிறது.

முன்னச்சு 930, பின்னச்சு 700 என்று வந்தது. கூட்டினால் 1,630, முழு எடையைவிட 10 கூட. தரை சரிவா என்று கேட்டேன். மேடை 10 கிலோ படியில்தான் காட்டும், அவ்வளவுதான் என்றார்.

மேல்சுமை — ஏப்ரல் 8, இரவு 10.40

ஐம்பத்தெட்டு கிலோ குடியிருப்பவர் யார் என்று தேடினேன். அட்டவணையில் நான் பார்த்தது முதல் நிரல். என் வகை கடைசி நிரல், 1,510. ஆக, முப்பது என் கண்ணின் பிழை. பின்னால் முன்பு பொருத்திய இழுவைக் கொக்கி 16. டிக்கியின் தரைப்பலகைக்கு அடியில், முந்தைய காரிலிருந்து மாற்றி வைத்த கருவிப்பெட்டி. இன்று வெளியே எடுத்து நிறுத்தேன், 12 கிலோ. உள்ளே இரண்டு ஜாக்கி, யாருடையதோ ஒரு சங்கிலி, உறைந்துபோன கிரீஸ் டப்பா.

30, 16, 12. சரியாக 58. இப்படிப் பொருந்துவது எனக்கே சந்தேகம். மேடையின் படியே 10 கிலோ.

ஆக என் உண்மையான ஏற்றும் திறன் 472. நான் ஏற்றப்போவது 530. ஏப்ரல் 5ஆம் தேதி இரவு எழுதிய பெருமையைத் திரும்பப் பெறுகிறேன்.

நாலுசக்கரம் — ஏப்ரல் 9, காலை 8.00

58 கிலோவுக்கா இத்தனை கவலை? டயர் ஓரத்தில் எண் பாருங்கள். 92 என்று இருந்தால் ஒரு டயர் 630 கிலோ தாங்கும். நான்குக்கு 2,520. உங்கள் வண்டி 2,068. ஏகப்பட்ட இடம் இருக்கிறது. பின்பக்கம் தாழ்ந்தால் துணை ஸ்பிரிங் போட்டுக்கொள்ளுங்கள், வண்டி நிமிர்ந்துவிடும்.

பழைய பட்டறை — ஏப்ரல் 9, காலை 11.30

92க்கு 630 என்பது சரி. தேவையான காற்று இருந்தால் மட்டும் சரி. டயர் தாங்குகிறது என்பதால் அச்சும், சக்கர பேரிங்கும், பிரேக்கும் தாங்கும் என்று ஆகாது. தகட்டின் எண் இவை எல்லாவற்றிலும் பலவீனமானதைப் பார்த்து வைத்தது.

துணை ஸ்பிரிங் போட்டு நிமிர்ந்த வண்டிகள் பல என்னிடம் வந்திருக்கின்றன. ஸ்பிரிங் வண்டியின் உயரத்தைத்தான் மாற்றும், எடையை அல்ல. முன்பாவது வால் தாழ்ந்து, முன்விளக்கு வானத்தைப் பார்த்து, எதிரே வருபவர் விளக்கை அடித்து எச்சரிப்பார். நிமிர்த்திவிட்டால் அந்த எச்சரிக்கையும் போய்விடும்.

மேல்சுமைக்கு: மொத்தத்தை மட்டும் பார்க்காதீர்கள். தகட்டில் அதற்குக் கீழே இன்னும் இரண்டு எண்கள் இருக்கும்.

மேல்சுமை — ஏப்ரல் 9, இரவு 9.20

இருக்கின்றன. 1 என்று போட்டு 1,010. 2 என்று போட்டு 1,050. முன்னச்சும் பின்னச்சும். கூட்டினால் 2,060 வருகிறது, மொத்தமோ 2,010. முதலில் அச்சுப்பிழை என்று நினைத்தேன். இரண்டு அச்சையும் ஒரே நேரத்தில் உச்சத்துக்கு ஏற்ற அனுமதி இல்லை என்பது பிறகு புரிந்தது.

மனைவி கேட்டாள்: "மொத்தம் சரியாக இருந்து, பின்னால் மட்டும் மீற முடியுமா?" முடியும் என்றுதான் நினைக்கிறேன்.

பழைய பட்டறை — ஏப்ரல் 10, காலை 7.40

முடியும்; ஏழு இருக்கைக் காரில் அதுதான் அடிக்கடி நடப்பது. நடு வரிசையில் உட்கார்ந்தவரின் எடை இரண்டு அச்சுக்கும் பிரியும், பின்னுக்குக் கூடுதலாக. மூன்றாம் வரிசை பின்னச்சுக்கு நேர்மேலே, கொஞ்சம் பின்னாலும் இருக்கும். முழு எடையும் பின்னுக்கு. டிக்கிச் சாமான் அச்சுக்கு அப்பால் தொங்குகிறது. ஏற்றப்பலகையின் கோடியில் குழந்தை உட்கார்ந்த மாதிரி, அது முன்பக்கத்தைத் தூக்கும். 60 கிலோ வைத்தால் பின்னச்சில் 70க்கு மேல் ஏறும், முன்னச்சில் பத்துப் பன்னிரண்டு குறையும். கொக்கியும் அப்படித்தான், இன்னும் மோசமாக.

கூரைப் பெட்டி இந்த ஒரு விஷயத்தில் நல்ல பிள்ளை. இரண்டு அச்சுக்கும் நடுவில் இருப்பதால் பகிர்ந்துகொள்ளும். அதன் குற்றம் உயரம்.

எல்லாரையும் ஏற்றி, ஒருமுறை எடைபோட்டுவிடுங்கள்.

மேல்சுமை — ஏப்ரல் 11, மாலை 6.30

ஒத்திகை. ஏழு பேர், எல்லாச் சாமான், கூரைப் பெட்டி, முழுத் தொட்டி. அத்தைக்கு எதற்கென்று சொல்லவில்லை, மேடைமேல் நின்றதும் புரிந்துகொண்டு, "என்னைத் தனியாக நிறுக்கவில்லையே?" என்று கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டார்.

மொத்தம் 2,070. முன் 1,000. பின் 1,070.

மொத்தத்தில் 60 கூட, பின்னச்சில் 20 கூட. முன்னச்சு ஒன்றுதான் வரம்புக்கு உட்பட்டு நிற்கிறது. இத்தனைக்கும் பின்வரிசையில் பெரிய பிள்ளைகள் இருவரையும், நடுவில் பெரியவர்களோடு சின்னவனையும் உட்கார வைத்திருந்தோம். மைத்துனரும் அத்தையும் பின்னால் போய் உட்கார்ந்திருந்தால் இன்னும் பதினைந்து கிலோவாவது பின்னுக்குப் போயிருக்கும்.

திரும்பி வரும்போது கவனித்தேன். சிறிய திருப்பத்தில் வண்டி சாய்ந்து, நிமிர ஒரு நொடி எடுத்துக்கொண்டது. தனியாக ஓட்டும்போது அப்படி இல்லை.

கூடாரம் — ஏப்ரல் 11, இரவு 7.15

என் வண்டியும் அப்படித்தான் சாயும். கூடாரம் எவ்வளவு உயர்த்துகிறது என்று யாராவது கணக்குப் போட்டதுண்டா?

பழைய பட்டறை — ஏப்ரல் 11, இரவு 9.45

மேல்சுமையின் வண்டிக்கு உத்தேசமாகப் போடுகிறேன். காரின் எடைமையம் தரையிலிருந்து 65 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள், கூரைச் சுமை 1.85 மீட்டரில். 73 கிலோவை அங்கே வைத்தால் முழு வண்டியின் எடைமையம் 4 சென்டிமீட்டர் உயரும்.

நாலுசக்கரம் — ஏப்ரல் 11, இரவு 9.50

நாலே சென்டிமீட்டர்! ஒரு தீப்பெட்டி உயரம்.

பழைய பட்டறை — ஏப்ரல் 12, காலை 6.30

மெல்ல ஓட்டுபவருக்குத் தீப்பெட்டி. நெடுஞ்சாலையில் திடீரென்று விலக வேண்டியவருக்கு அப்படி அல்ல. எத்தனை சென்டிமீட்டர் முதல் ஆபத்து என்று நான் கோடு கிழிக்க மாட்டேன். வண்டிக்கு வண்டி மாறும், டயருக்கு டயர் மாறும்.

ஜன்னலோரம் — ஏப்ரல் 12, காலை 10.10

என் கார் தகட்டில் இந்தக் கழித்தலே தேவையில்லை. ஆட்களும் சாமானும் சேர்ந்து 480 கிலோவை மீறக்கூடாது என்று நேராகப் போட்டிருக்கிறது. அதுவும் ஏழு இருக்கைதான். இந்த இழையைப் பார்த்துவிட்டு இன்றுதான் வகுத்துப் பார்த்தேன், ஆளுக்கு 68 கிலோ கொஞ்சம் மேலே. ஏழு பேர் ஏறினால் சாமானுக்கு ஒன்றுமில்லை. டிக்கி எதற்கு வைத்தார்கள்?

பழைய பட்டறை — ஏப்ரல் 12, மதியம் 2.00

நான்கு பேர் போகும்போது பயன்படுத்த. அந்த 480இல் தொழிற்சாலையில் பொருத்திய வசதிகள் ஏற்கெனவே கழிந்திருக்கும். நீங்கள் பிறகு பொருத்தியவை கழிந்திருக்காது.

மேல்சுமை — ஏப்ரல் 13, இரவு 10.05

வீட்டில் கூட்டம். முதல் யோசனை அத்தையுடையது: "நான் ரயிலில் வருகிறேன், 61 குறையும்." யாரும் ஒப்பவில்லை. அவர் முகத்தில் சிறிய ஏமாற்றம் தெரிந்தது. ரயில்தான் அவருக்குப் பிடித்திருக்கிறதோ என்னவோ.

இரண்டாவது, பாதித் தொட்டியுடன் கிளம்புவது. பெட்ரோல் லிட்டருக்கு முக்கால் கிலோதான். 22 லிட்டர் குறைத்தால் 17 கிலோ போகும். ஆனால் வழியில் பங்க் வந்தால் நான் நிரப்பிவிடுவேன், என்னை எனக்குத் தெரியும்.

கருவிப்பெட்டி வீட்டில் நிற்கட்டும். கொக்கியையும் கழற்றிவிட்டேன், நான்கு போல்ட்டு. நாங்கள் எதையும் இழுத்ததில்லை. இரண்டும் சேர்ந்து 28 கிலோ. அது பின்னச்சிலிருந்து 35 கிலோ அளவுக்கு எடுத்துவிடுகிறது, கோடியில் இருந்த சுமை அல்லவா. அந்த ஒரே செயலில் பின்னச்சு வரம்புக்குள் வந்துவிட்டது. மொத்தத்தில்தான் இன்னும் 30 குறைய வேண்டும்.

அப்போதுதான் உறைத்தது. 48 கிலோ சாமானை மேலே ஏற்ற, 25 கிலோ பெட்டியையும் சட்டத்தையும் சுமக்கிறேன். சாமானில் 28 கிலோவை முன்கூட்டியே பார்சலில் அனுப்பிவிட்டால், மீதி 20 கிலோவைத் துணிப்பைகளாக நடு வரிசையின் கால்வைக்கும் இடத்தில் அடுக்கலாம். அங்கே உட்கார்பவன் சின்னவன். அவன் கால் இன்னும் தரையைத் தொடவில்லை.

பழைய பட்டறை — ஏப்ரல் 14, காலை 7.00

எடைக் கணக்கு சரி. பைகள் கட்டாமல் கிடப்பது எனக்குப் பிடிக்கவில்லை. திடீர் பிரேக்கில் பை முன்னிருக்கைக்கு அடியில் புகுந்து பெடல் வரை வந்ததைப் பார்த்திருக்கிறேன். மென்மையான பைகளாக, இருக்கை மட்டத்துக்குக் கீழே, இறுக்கமாக அடைத்தால் பரவாயில்லை. கூரைப் பெட்டியே மேல் என்று சொல்பவர்களும் உண்டு. நான் இரண்டு பக்கமும் பேசுவேன்.

காற்றை மறக்காதீர்கள். எரிபொருள் மூடியின் உட்புறத்தில் முழுச் சுமைக்கு வேறு அழுத்தம் இருக்கும்.

மேல்சுமை — ஏப்ரல் 17, காலை 5.20

இருந்தது. பின்சக்கரத்துக்கு 33க்குப் பதில் 40. வண்டி ஓடிச் சூடேறுவதற்கு முன் நேற்றிரவே பார்த்து நிரப்பினேன். இத்தனை வருடமும் குடும்பத்தோடு போகும்போதெல்லாம் 33தான்.

போகிற வழியில் மேடை. மொத்தம் 1,990. முன் 990, பின் 1,000. மேடைக்காரர் இப்போது எதை எடைபோட என்று கேட்பதில்லை.

நாலுசக்கரம் — ஏப்ரல் 17, காலை 9.00

அப்படியானால் அந்தக் கூரைப் பெட்டியை என்ன செய்யப்போகிறீர்கள்? விற்பதாக இருந்தால் சொல்லுங்கள்.

மேல்சுமை — ஏப்ரல் 26, இரவு 11.30

திரும்பிவிட்டோம். ஆசைக்கு மேடைமேல் ஏற்றினேன்: 2,030. போனபோது 1,990.

இரவெல்லாம் யோசித்துக் கண்டுபிடித்தேன். போகும்போது பார்சலில் அனுப்பிய 28 கிலோவைத் திருப்பி அனுப்ப ஏற்பாடு செய்யவே இல்லை; அத்தனையும் காரில்தான் வந்திருக்கிறது. மீதி 12க்கு அத்தை மடியில் இருந்த பூந்தொட்டிகள் இரண்டும் பொறுப்பு.

பழைய பட்டறை — ஏப்ரல் 27, காலை 6.45

கிளம்பும் முன் தண்ணீர் ஊற்றினாரா?

மேல்சுமை — ஏப்ரல் 27, காலை 7.05

ஊற்றினார். வழியில் இரண்டு முறை.